தொடர்மாடி வீடும் விற்பனை உடன்படிக்கையும்

இந்தியப் பெருநகரங்களில் இன்று கட்டி முடிந்த வீட்டைக் கண்ணாற் பார்த்து விலைபேசி வாங்குவோரிலும், கட்டப்படப்போகும் வீட்டைக் கடதாசியில் வாங்குவோர் பலர். அத்திவாரம் வெட்டுமுன்னரே தொடர்மாடியின் ஒரு வீட்டுக்குப் பணம் கட்டத் தொடங்கிவிடுகின்றனர். வீடு கைக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். அவ்வளவு காலமும் வாங்கியவரிடம் இருப்பது ஒரு கட்டுக் கடதாசி மாத்திரமே. பில்டர் எனப்படும் கட்டிட நிறுவனத்தாருக்கும் வாங்குபவருக்கும் இடையே எழுதப்படும் விற்பனை உடன்படிக்கை அது. நாற்பது ஐம்பது பக்கம் கொண்ட அந்த ஏட்டில் எல்லாப் பக்கமும் ஒரே நிறையுடையன அல்ல. எத்தனை சதுர அடிக்குப் பணம் கொடுக்கப்படுகிறது என்பதும், காலம் தவறினால் யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதும் எழுதப்பட்ட இடங்களே ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைக் காப்பனவும் கரைப்பனவும் ஆகும்.

முதலிற் பரப்பளவை எடுத்துக்கொள்வோம். ஒரே வீட்டுக்கு மூன்று பரப்பளவு உண்டு என்று சொன்னால் கேட்பவர் வியப்படையலாம். ஆனால் உண்மை அதுவே. வீட்டின் உள்ளே, சுவருக்குச் சுவர், கம்பளம் விரிக்கக்கூடிய தரைக்குக் கார்பெட் பரப்பு என்று பெயர். அதனோடு வெளிச்சுவர்களின் கனத்தையும் பால்கனியையும் சேர்த்தால் வருவது பில்டப் பரப்பு. அதற்கும் மேலாக, மாடிப்படி, லிப்ட், நடைவழி, நுழைவு மண்டபம், காவற்காரர் அறை முதலிய பொது இடங்களில் ஒரு பங்கை ஒவ்வொரு வீட்டின் தலையிலும் ஏற்றிக் கணக்கிட்டால் வருவது சூப்பர் பில்டப் பரப்பு. விளம்பரப் பலகைகளிற் பெரிய எழுத்தில் மின்னுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்ணே. குடியிருக்கப் பயன்படுவதோ முதலாவது.

இவற்றுள் கார்பெட் பரப்பு ஒன்றுக்கே சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இயற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், மக்கள் வழக்கில் 'ரெரா' எனப்படுவது, 2017ஆம் ஆண்டு மே மாதம் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி கார்பெட் பரப்பாவது வீட்டினுள் பயன்படுத்தத்தக்க நிகரத் தரைப்பரப்பு. வெளிச்சுவர்கள் அடைத்துக்கொள்ளும் இடம், குழாய்களும் கம்பிகளும் செல்லும் குழிகள், அவ்வீட்டுக்கே உரிய பால்கனி, விறாந்தை, திறந்த மொட்டைமாடி ஆகியன இதிற் சேரா. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் அடைக்கும் இடமோ சேரும். பால்கனி, விறாந்தை, மொட்டைமாடி ஆகியவற்றின் அளவைத் தனியே காட்டுதல் வேண்டும். சூப்பர் பில்டப் என்ற சொல்லுக்கு இச்சட்டத்தில் இலக்கணமே இல்லை. ஆகையால் எந்தப் பொது இடத்தில் எத்தனை பங்கு என்பதைக் கட்டுபவரே முடிவு செய்கிறார். நீச்சற்குளத்தைச் சேர்ப்பவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைத் தெளிவாக்கலாம். ஒருவர் 1,200 சதுர அடி வீடு என்று விளம்பரம் கண்டு செல்கிறார். சதுர அடி 6,000 ரூபா வீதம் விலை 72 இலட்சம். உடன்படிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டினால் கணக்கு வேறுவிதமாக விரிகிறது. கார்பெட் பரப்பு 840 சதுர அடி. வெளிச்சுவர் 70, பால்கனி 50. ஆகப் பில்டப் பரப்பு 960. பொது இடங்களின் பங்காக 240 ஏற்றப்பட்டு 1,200 ஆகியிருக்கிறது. அதாவது வாழுமிடம் 840 சதுர அடிதான். 72 இலட்சத்தை 840ஆல் வகுத்தால் சதுர அடி ஏறக்குறைய 8,571 ரூபா ஆகிறது.

அடுத்த தெருவில் இன்னொரு கட்டிடம். அங்கே 1,100 சதுர அடி, விலை சதுர அடிக்கு 6,300 ரூபா. கேட்டவுடன், இடமும் சிறிது, விலையும் கூட என்று தோன்றும். மொத்தம் 69 இலட்சத்து 30 ஆயிரம். ஆனால் அவ்வீட்டின் கார்பெட் பரப்பு 825 சதுர அடி. அந்த எண்ணால் வகுத்தால் சதுர அடி 8,400 ரூபாதான். முதல் வீட்டிலும் 15 சதுர அடியே குறைவு, 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா மிச்சம். பால்கனி இரண்டிலும் ஒரே அளவாயிருப்பின், விலை கூடியதாகத் தோன்றிய வீடே மலிவானது. இரு வீடுகளை ஒப்பிடுவோர் மொத்தத் தொகையைக் கார்பெட் பரப்பால் வகுத்துப் பார்த்தாலன்றி எது மலிவு, எது விலை கூடியது என்று சொல்ல இயலாது.

இவ்விடத்தில் 'லோடிங்' என்று விற்பனையாளர் சொல்லும் ஒரு சொல்லையும் கவனித்தல் வேண்டும். கார்பெட் பரப்புக்கு மேல் எத்தனை பங்கு ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை அது குறிக்கும். மேற்சொன்ன வீட்டில் ஏற்றப்பட்டது 360 சதுர அடி. இதனை 1,200இல் ஒரு பங்காகச் சொன்னால் நூற்றுக்கு 30. 840இல் ஒரு பங்காகச் சொன்னால் நூற்றுக்கு ஏறக்குறைய 43. பொது இடங்களுக்கான 240ஐ மாத்திரம் எடுத்து 960இல் ஒரு பங்காகச் சொன்னால் நூற்றுக்கு 25 தான். மூன்றும் பொய்யல்ல. வீடும் ஒன்றே. ஆதலின் நூற்றுக்கு இத்தனை என்று யாரேனும் சொன்னால், எதன் நூற்றுக்கு என்று திருப்பிக் கேட்பதே முறை.

பரப்பளவு பற்றிய பகுதியில் உண்மையில் இடறிவிழச் செய்வது வேறொரு வாசகம். கட்டிடம் முடிந்தபின் இறுதிப் பரப்பு மாறலாம், மாறினால் அதற்கேற்ப விலையும் மாறும் என்பது அது. எந்தப் பரப்பு என்பதை அவ்வாசகம் சொல்கிறதா என்று பார்த்தல் அவசியம். வெறுமனே 'பரப்பு' என்றோ 'விற்பனைப் பரப்பு' என்றோ எழுதப்பட்டிருந்தால் நிகழக்கூடியது இது: நான்காம் ஆண்டில் ஒரு கடிதம் வரும். இறுதிக் கணக்கில் வீடு 1,260 சதுர அடி ஆகிவிட்டது, கூடுதல் 60 சதுர அடிக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா செலுத்துக என்று அதில் இருக்கும். வீட்டினுள்ளே ஓரங்குலமும் வளர்ந்திராது. நுழைவு மண்டபம் பெருத்திருக்கலாம், அல்லது கணக்கிடும் முறை மாறியிருக்கலாம். வாங்கியவர் அளந்து பார்த்து மறுக்கவும் இயலாது, ஏனெனில் பொது இடங்களின் மொத்த அளவும் பங்கீட்டு முறையும் அவர் கையில் இல்லை.

சட்டத்தின்கீழ் மாநில அரசுகள் வெளியிட்டுள்ள மாதிரி உடன்படிக்கைகள் இந்த வாயிலை அடைக்க முயன்றிருக்கின்றன. எடுத்துக்காட்டாக மகாராட்டிர மாநிலத்தின் மாதிரியில், குடிபுகு சான்றிதழ் கிடைத்தபின் கட்டுபவர் இறுதிக் கார்பெட் பரப்பை உறுதிப்படுத்த வேண்டும். மாற்றம் நூற்றுக்கு 3க்கு மேற்படலாகாது. பரப்புக் குறைந்தால் கூடுதலாக வாங்கிய பணத்தை 45 நாளுக்குள் வட்டியோடு திருப்ப வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் ஒரே விலைவீதத்திற் கணக்கிட வேண்டும் என்று கண்டிருக்கிறது. 840 சதுர அடி வீட்டுக்கு நூற்றுக்கு 3 என்பது 25 சதுர அடிதான். கையில் உள்ள உடன்படிக்கையை மாநிலத்தின் மாதிரியோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுவது ஒரு மாலைப்பொழுது வேலை. மாதிரியில் 'கார்பெட்' என்றிருக்கும் இடத்தில் இதில் வேறு சொல் புகுந்திருக்கிறதா என்று காண்பதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை.

வீடு கைக்கு வந்ததும் நாடா பிடித்து அளப்போர் ஒரு மயக்கத்துக்கு உள்ளாவதுண்டு. எல்லா அறைகளையும் அளந்து கூட்டினால் 795 சதுர அடிதான் வரும், 45 சதுர அடி காணவில்லை என்று பதறுவர். அறைகளுக்கிடையேயுள்ள சுவர்கள் அடைத்த இடமும் கார்பெட் பரப்பிற் சேரும் என்பதை அவர்கள் மறந்திருப்பர். உட்சுவர்களின் நீளத்தையும் கனத்தையும் பெருக்கிக் கூட்டியபின்னரே ஏமாற்றமா அன்றா என்று தீர்மானிக்கலாம். இன்னொன்று சுவர்ப் பூச்சு. வரைபடத்தில் அளவு செங்கல் முகத்திலிருந்து செங்கல் முகம்வரை கொடுக்கப்பட்டிருக்கலாம். சுவருக்கு அரை அங்குலப் பூச்சு என்றால், 12 அடிக்கு 10 அடி அறை ஒன்றில் ஏறத்தாழ 2 சதுர அடி பூச்சுக்குள் மறைந்துவிடும். ஆறு அறைத்துண்டுகள் கொண்ட வீட்டில் இது 10 சதுர அடியை எட்டும். மேற்கண்ட விலையில் அது 85 ஆயிரம் ரூபா. அளவு பூச்சுக்கு முன்னா, பின்னா என்பதை உடன்படிக்கையில் ஒரே வரியில் எழுதச் செய்துவிட்டால் பின்னர் வழக்காட வேண்டியிராது.

இனித் தாமதமும் தண்டமும். இப்பகுதியை வாசிப்பவர் இரண்டு வாசகங்களைத் தேடி எடுத்து அருகருகே வைத்தல் வேண்டும். ஒன்று வாங்குபவர் தவணை தவறினால் என்ன என்பது. மற்றது கட்டுபவர் காலம் தவறினால் என்ன என்பது. பழைய உடன்படிக்கைகளில் இவை ஒன்றுக்கொன்று பல பக்கம் தள்ளியே அமைந்திருக்கும். ஒன்றில் நூற்றுக்கு இத்தனை என்று வட்டி வீதம் இருக்கும். மற்றதில் மாதம் சதுர அடிக்கு 5 ரூபா என்பது போன்ற ஒரு தொகை இருக்கும். அளவுகோல் வெவ்வேறாதலால் பார்த்தவுடன் வேறுபாடு புலப்படாது.

முன்னைய வீட்டையே கொண்டு கணக்கிடுவோம். 72 இலட்சத்தில் பத்தில் ஒரு பங்கான 7 இலட்சத்து 20 ஆயிரம் ஒரு தவணை. அதனை வாங்குபவர் ஒரு மாதம் பிந்திக் கட்டுகிறார். நூற்றுக்கு 18 வீத ஆண்டு வட்டியில் அவர் கொடுக்க வேண்டியது 10,800 ரூபா. மறுபுறம், 60 இலட்சம் வாங்கிக்கொண்ட கட்டிட நிறுவனம் வீடு முழுவதையும் ஒரு மாதம் பிந்தித் தருகிறது. சதுர அடிக்கு 5 ரூபா வீதம் 1,200 சதுர அடிக்கு அது கொடுக்க வேண்டியது 6,000 ரூபா. ஆண்டுக்கு 72 ஆயிரம். 60 இலட்சத்துக்கு இது நூற்றுக்கு 1.2 வட்டிதான். இவ்வளவு மலிவான கடன் எந்த வங்கியிலும் கிடையாது. தாமதிப்பது கட்டுபவருக்கு நட்டமன்று, இலாபம் என்ற நிலை இவ்வாறு உண்டாகிறது. வாங்கியவரோ ஒரு கையால் வாடகையும் மறுகையால் வங்கிக் கடன் தவணையும் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இத்தகைய ஒருபக்கச் சாய்வு பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. தில்லியை அடுத்த குருகிராம் நகரில் ஒருவர் 2012ஆம் ஆண்டு மே மாதம் உடன்படிக்கை எழுதி, 4 கோடியே 83 இலட்ச ரூபா விலையில் ஒரு வீடு வாங்க இசைந்தார். அத்திவாரம் தோண்டிய நாளிலிருந்து 39 மாதம், அதன்மேல் 180 நாள் சலுகைக் காலம் என்பது ஏற்பாடு. அக்காலமும் கடந்து வீடு வரவில்லை. அவர் 2017இல் தேசிய நுகர்வோர் ஆணையத்தை நாடிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். நிறுவனம் உடன்படிக்கையைக் காட்டியது. அதன்படி வாங்குபவர் தவணை தவறினால் நூற்றுக்கு 18 வட்டி. நிறுவனம் தவறினாலோ, சலுகைக் காலம் முடிந்தபின்னும் வாங்குபவர் 12 மாதம் காத்திருக்க வேண்டும். பின்னர் 90 நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன்பின் பணத்தைத் திருப்ப நிறுவனத்துக்கு இன்னும் 90 நாள் உண்டு. அந்நாளும் கடந்தாலே நூற்றுக்கு 9 வட்டி. வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2018ஆம் ஆண்டு ஜூலையில் குடிபுகு சான்றிதழைப் பெற்று, இனி வீட்டை ஏற்றுக்கொள்ளலாமே என்றும் நிறுவனம் வாதித்தது.

நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. கையொப்பமிடுவதன்றி வேறு வழியில்லாத ஒருவர்மேல் சுமத்தப்பட்ட ஒருதலைப்பட்சமான, நியாயமற்ற வாசகங்கள் அவரைக் கட்டுப்படுத்தமாட்டா என்றும், அவற்றை உடன்படிக்கையிற் புகுத்துவது நுகர்வோர் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக முறை என்றும் தீர்ப்பளித்தது. பணத்தை நூற்றுக்கு 10.7 வட்டியுடன் திருப்புமாறு ஆணையம் இட்ட கட்டளை நிலைபெற்றது. உடன்படிக்கை எழுதியதிலிருந்து தீர்ப்பு வரும்வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் சென்றிருந்தன என்பதையும் உடன் கருதுதல் வேண்டும். சட்டத்தில் வெற்றி கிட்டிற்று. குடிபுக வீடு கிட்டவில்லை.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுதப்படும் உடன்படிக்கைகளில் இவ்வேற்றத்தாழ்வுக்கு இடமில்லை. வாங்குபவர் கொடுக்கும் வட்டியும் கட்டுபவர் கொடுக்கும் வட்டியும் ஒரே வீதமாக இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. வீதத்தை மாநில விதிகள் குறிக்கும். மகாராட்டிரம் போன்ற மாநிலங்களில், பாரத ஸ்டேட் வங்கி கடன் கொடுக்கும் அடிப்படை வீதங்களுள் உயர்ந்ததன்மேல் நூற்றுக்கு 2 கூட்டிக் கணக்கிடுவர். அது நூற்றுக்கு 11 என்று கொள்வோமாயின், மேற்சொன்ன வீட்டுக்குக் கட்டுபவர் ஒரு மாதத் தாமதத்துக்குக் கொடுக்க வேண்டியது 55,000 ரூபா ஆகும். 6,000 எங்கே, 55,000 எங்கே! ஆயினும் சதுர அடிக்கு இத்தனை ரூபா என்ற பழைய வாசகம் புதிய ஏடுகளிலும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. கையொப்பத்துக்கு முன்னரே அதனை நீக்கச் சொல்வது, பின்னர் ஆணையத்தின் வாயிலில் நிற்பதிலும் எளிது.

தாமதம் நேர்ந்தால் வாங்கியவருக்கு இரு வழிகளைச் சட்டம் திறந்துவைத்திருக்கிறது. வீடு வேண்டாமென்று விலகினால் கட்டிய பணம் முழுவதும் வட்டியுடன் திரும்பவேண்டும். வீடே வேண்டுமென்று நின்றால், வீடு கைக்கு வரும்வரை தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம். முதல் வழியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு நவம்பரில் மேலும் தெளிவாகச் சொன்னது. எதிர்பாராத நிகழ்ச்சிகள் எவையாயினும், உரிய நாளில் வீடு தரப்படாவிடின் பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்பது அதன் கருத்து.

எல்லாம் 'உரிய நாள்' என்ற அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. ஆகவே அந்நாள் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தல் வேண்டும். ஆண்டு, மாதம், தேதி என்று நாட்காட்டியிற் காட்டக்கூடிய நாளாக இருப்பதே நன்று. 'எல்லா அனுமதிகளும் கிடைத்த நாளிலிருந்து 36 மாதம்' என்று இருந்தால், கடைசி அனுமதி எப்போது கிடைத்தது என்பதைக் கட்டுபவரே அறிவார். முடிவுநாளும் அதற்கேற்ப நகர்ந்துகொண்டே போகும். குருகிராம் வழக்கிற்கூட அத்திவாரம் தோண்டிய நாளிலிருந்தே காலம் கணக்கிடப்பட்டது. இன்னொரு நுட்பமும் உண்டு. கட்டுபவர் ஒழுங்குமுறை ஆணையத்திற் பதியும்போது கட்டிடம் முடியும் நாளென்று வேறொரு பிந்திய நாளைக் கொடுத்திருக்கலாம். அதைக் காட்டி உடன்படிக்கை நாளை ஒதுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்த்தது. தாமதம் உடன்படிக்கையில் எழுதிய நாளிலிருந்தே எண்ணப்படும்.

அந்நாளை நீட்டிக்கும் காரணங்களும் ஒரு பட்டியலாக வரும். போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், இவை போன்ற இயற்கைப் பேரிடர் ஆகியவற்றைச் சட்டமே ஏற்கிறது. பட்டியல் அங்கே நில்லாது, சிமெந்துத் தட்டுப்பாடு, கூலியாட்கள் வராமை, ஒப்பந்தகாரரோடு பிணக்கு, 'நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட பிற காரணங்கள்' என்று நீளுமாயின், அது பேரிடர்ப் பட்டியலன்று, நாளை விருப்பம்போல் தள்ளிவைப்பதற்கான அனுமதிச் சீட்டு.

வீட்டை ஏற்றுக்கொள்ள வாருங்கள் என்று கடிதம் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று சில ஏடுகளில் எழுதியிருக்கும். குடிபுகு சான்றிதழ் இல்லாத வீட்டுக்கு அவ்வாறு கடிதம் அனுப்பப்படுவதும் உண்டு. அக்கடிதத்தோடு தாமத வட்டி நின்றுவிடும், பராமரிப்புக் கட்டணம் தொடங்கிவிடும். 'உள்ளூராட்சியின் குடிபுகு சான்றிதழ் பெற்றபின் தரப்படும் கைமாற்று அறிவித்தல்' என்ற சொற்றொடர் அவ்விடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

இச்சட்டம் எட்டாத இடங்களும் உள. 500 சதுர மீற்றருக்கு மேற்படாத நிலத்தில், அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத அளவில் கட்டப்படுவனவற்றை ஆணையத்தில் பதியவேண்டிய கட்டாயமில்லை. சிறிய மூன்றுமாடிக் கட்டிடங்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அங்கே மாநிலப் பதிவேட்டில் வரைபடத்தையும் முடிவுநாளையும் தேடிப் பார்க்க இயலாது. ஆதலால் கார்பெட் பரப்பு, முடிவுநாள், இருபக்கமும் சமமான வட்டி ஆகிய மூன்றும் உடன்படிக்கையில் எழுத்திலேயே இருத்தல் வேண்டும்.

எப்போது வாசிப்பது என்பதையும் சொல்லவேண்டும். பலர் முன்பணமும் இரண்டொரு தவணையும் கட்டியபின்னரே உடன்படிக்கையைக் கண்ணாற் காண்கின்றனர். அந்நேரத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னாலும், இசைவில்லையேல் விலகுக, முன்பணத்திற் கழிவு பிடிக்கப்படும் என்று பதில் வரும். இதனைத் தடுக்கவே, பதிவுசெய்யப்பட்ட உடன்படிக்கை எழுதுமுன் விலையிற் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கலாகாது என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு விதிக்கிறது. நமது எடுத்துக்காட்டு வீட்டுக்கு அது 7 இலட்சத்து 20 ஆயிரம். அந்தப் பத்தில் ஒரு பங்கையும் கொடுக்குமுன்னரே உடன்படிக்கைப் படிவத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பணம் கட்டியபின்தான் படிவம் காட்டப்படும் என்று அலுவலகத்திற் சொல்வார்களாயின், ஆணையத்திற் பதிந்த கட்டிடமானால், பதிவின்போது கட்டுபவர் ஒப்படைத்த உடன்படிக்கைப் படிவத்தை அம்மாநில ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். இரண்டும் வேறுபடும் இடத்தில் கோடிட்டு, அந்தப் பக்கத்தோடு மறுபடியும் அலுவலகத்துக்குச் செல்லலாம்.